உபகாரச் சம்பளமும் ஒரு சண்டைச் சேவலும்

அன்றைக்குச் சுங்கச் சாவடியில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, கருப்பட்டி ஏற்றிக்கொண்டு வந்து நின்ற வண்டிக்காரர் இருவர், அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த என் அண்ணன், அண்ணன் வண்டியில் பூட்டியிருந்த இரண்டு மாடுகள், குடிசை வாசலில் காலில் கயிறு கட்டிக் கிடந்த ஒரு சேவல். இவ்வளவுதான். 'நானும் அங்கனதான் நின்னேன்' என்று பிற்பாடு ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. எனக்கு முன்பல் இரண்டு அன்றைக்குப் போயிற்று. அண்ணனுக்கு வலது காலில் இரண்டு விரல். சேவலுக்கு உயிர்.

டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டிய மறுவருஷம். ஏரலிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிற சாலையில் நான் சுங்கம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். சாவடியைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறு ஒருவர். எனக்கு மாதம் எட்டு ரூபாய் சம்பளமும் சாலையோரம் ஒரு ஓலைக் குடிசையும். இரட்டை மாட்டு வண்டிக்கு இரண்டணா வாங்கிக்கொண்டு சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். சாலைக்குக் குறுக்கே ஒரு பனைமரத் தடி. அதன் குட்டையான நுனியில் ஆட்டுக்கல் பருமனுக்கு ஒரு பாறாங்கல்லைக் கட்டியிருந்தோம். நீளமான நுனியை இழுத்து முளையில் கயிற்றால் கட்டினால் சாலை அடைபடும், கல் அந்தரத்தில் தொங்கும். கயிற்றை அவிழ்த்தால் கல் பொத்தென்று கீழே இறங்கும், தடி மேலே போகும், வண்டி போகலாம்.

இரண்டணாவுக்காக மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்பதை அந்த வேலையில் பார்த்தேன். சாட்டையால் என் முதுகில் வாங்கியது எத்தனையோ தடவை. ஒருவன் என்னைக் கிணற்றில் தள்ளப் பார்த்தான். வெற்றிலைக்காரன் ஒருவன் மாட்டுச் சாணத்தை அள்ளி என் வாயில் அப்பினான். நான் பயந்தவன். சிறுவயதிலிருந்தே அப்படித்தான். படுத்த பிறகு இரண்டு தடவை எழுந்துபோய் முளைக்கயிற்றை இழுத்துப் பார்ப்பேன். வசூல் பணத்தை எண்ணி முடிந்து வைத்துவிட்டு, அவிழ்த்து மறுபடி எண்ணுவேன். இப்படிப்பட்டவன் எதற்குச் சுங்கச் சாவடியில் உட்கார்ந்தான் என்றால், நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குத் தமிழில் சீட்டு எழுதுகிற வேலை வேறு எங்கே கிடைக்கும்?

என் மகன் என்னைப் போல் இல்லை. அவன் படிக்கிறவன். மெட்ரிகுலேஷனில் நல்லபடியாகத் தேறியதால் சர்க்கார் அவனுக்கு உபகாரச் சம்பளம் ஒதுக்கியது, மாதம் ஏழு ரூபாய். அதை நம்பித்தான் அவனைப் பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு காலேஜில் சேர்த்தேன். அந்தப் பணம் நம் கைக்கு வராது. பையன் இத்தனை நாள் வகுப்புக்கு வந்தான், நல்ல நடத்தை என்று எழுதிக் காலேஜில் பில் போடுவார்கள். பில்லில் பையன் கையெழுத்துப் போடுவான். அது இன்ஸ்பெக்டரிடம் போய் அவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, கஜானாவுக்குப் போகும். கஜானாவில் பணத்தை வாங்கி வந்து பையன் பேரில் இருக்கிற கணக்கில் காலேஜ் ஆபீசில் வரவு வைப்பார்கள். அதிலிருந்து பீசும் போர்டிங் சாப்பாட்டுப் பணமும் கழியும். மாதா மாதம் என்று பேர்தானே ஒழிய, ஐந்து மாதம் ஆறு மாதம் சேர்த்துத்தான் வரும். அதுவரைக்கும் நான் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு கிடப்பேன். பையனுக்குக் காய்ச்சல் வந்து வகுப்புக்குப் போகாவிட்டால்? இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடாவிட்டால்? கஜானா தீப்பிடித்துவிட்டால்?

இதை எழுதுகிறபோது எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களில் தலைமகனுக்கு அவனுடைய தாத்தா பேரைத்தான் வைப்பது. ஞானஸ்நானத் தொட்டி முன்னால் குருவானவர் பேர் கேட்கும்போது யோசிக்கிற வேலையே இல்லை. என் அண்ணன் அவனுடைய தலைமகனுக்கு எங்கள் அப்பா பேரை வைத்தான். நான் என் தலைமகனுக்கு எங்கள் அப்பா பேரை வைத்தேன். இரண்டு பேருக்கும் முன்னெழுத்தும் ஒன்றுதான், ஊர்ப் பேருக்கு. வீட்டில் பெரியவன், சின்னவன். இரண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. அங்கே அட்டவணையில் பேருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று போட்டிருந்தார்கள். அண்ணன் மகன் ஒன்று. என் மகன் இரண்டு. உபகாரச் சம்பளம் இரண்டுக்குத்தான். காலேஜ் ஆபீசில் கணக்கு எழுதுகிற பழைய ரைட்டர் இதையெல்லாம் மனசில் வைத்திருந்தார். அவர் கண் மங்கிப் போய் வேலையை விட்டார். புதிதாக ஒருவர் வந்தார்.

மார்கழியில் மகன் வந்தான். முகம் சுண்டிப் போயிருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான். பீசும் போர்டிங் பாக்கியுமாகச் சேர்ந்து நாற்பது சொச்சம் ரூபாய் கட்ட வேண்டும். கட்டாதவனுடைய வருகைச் சான்று காலேஜிலிருந்து போகாது. அது போகாவிட்டால் இண்டர்மீடியேட் பரீட்சைக்கு அவன் மனுவைச் சென்னையில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

"உபகாரச் சம்பளம் என்னலே ஆச்சு?"

"ஐப்பசியிலேயே பில்லுல கையெழுத்துப் போட்டேம்பா. ஆறு மாசத்துக்கு, நாப்பத்திரெண்டு ரூவா. கஜானாவுல இருந்து பணம் வந்து மத்த பயலுவளுக்கெல்லாம் வரவு வெச்சாச்சு. எனக்கு மட்டும் இல்ல."

"ரைட்டர்ட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'வரவு வெச்சாச்சு, போலே'ன்னு வெரட்டுதாரு. அடுத்த மேசையில 'பாக்கி கெடக்கு, கட்டுலே'ன்னு வெரட்டுதாங்க."

அவன் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. மூன்றாவது தடவை கேட்கப் போனதற்கு ரைட்டர் கொடுத்தது. அதைப் பார்த்ததும் என் மனைவி அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "வாருங்க, இப்பமே போவோம். அவன் கைய ஒடிச்சுட்டு வருவோம்" என்றாள். நான்தான் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். கையை ஒடித்தால் வரவு எழுதுவது யார்?

கடுதாசி எழுதலாம் என்று முடிவு செய்தேன். தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். நாலணா கேட்பார்கள், நம் வயிற்றெரிச்சலை அவர்கள் பாஷையில் எழுதுவார்கள். நானே எழுதினேன். நான்கு காகிதம் கிழிந்தது. ஐந்தாவதில் இப்படி நின்றது:

'ம-ரா-ரா-ஸ்ரீ பிரின்சிபால் துரை அவர்கள் சமுகத்திற்கு, இண்டர்மீடியேட் இரண்டாம் வருஷ வகுப்பில் இரண்டு என்ற இலக்கமுள்ள மாணவனின் தகப்பன் மிகவும் தாழ்மையாய் எழுதிக்கொண்ட மனு. என் மகன் ஐப்பசி மாதம் பில்லில் கையொப்பம் செய்திருக்கிறான். கஜானாவிலிருந்து தொகை வந்துவிட்டதாய்க் கேள்வி. ஆனாலும் அவன் கணக்கில் இதுவரை வரவு வைக்கப்படவில்லை. வைத்தாயிற்று என்று ஆபீசில் சொல்லுகிறார்கள். வைத்திருந்தால் எந்தத் தேதியில், எவன் கணக்கில் வைத்தது என்று துரை அவர்களே பில்லையும் கணக்கையும் ஒத்துப் பார்த்து, பையனுடைய பரீட்சை மனு தடைபடாமல் செய்யும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்.'

'எவன் கணக்கில்' என்று ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியாது. அது மரியாதைக் குறைவோ என்று தபாலில் போட்டு வந்த பிறகு இரண்டு நாள் தூக்கமில்லை.

இந்த இடத்தில் சேவல் கதைக்கு வர வேண்டும்.

அண்ணன் கருப்பட்டி வியாபாரி. ஏரல் கடைத்தெருவில் அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கைநீட்டம் கொஞ்சம் அதிகம். பேச்சு முடியுமுன் அடி விழும். சண்டைச் சேவல் வளர்ப்பான். சபையில் உபதேசியார் கண்டித்தும் கேட்கவில்லை. அந்த வருஷம் மழையில் அவன் சரக்கு வைக்கிற கிட்டங்கி ஒழுகிக் கருப்பட்டியெல்லாம் பாகாய் ஓடிவிட்டது. மகனுக்குப் பீசு கட்ட வழியில்லாமல் அலைந்தான். என்னிடம் கேட்கவில்லை, சுங்கக்காரனிடம் கேட்பானா? அப்புறம் கார்த்திகையில் அவன் மகன் வீட்டுக்கு வந்தபோது, 'என் கணக்கு அடைபட்டுப் போச்சாம், பாக்கி ஒண்ணும் இல்லங்காங்க' என்று சொல்லியிருக்கிறான். அண்ணன் கட்டவில்லை. யார் கட்டினார்கள்? அவன் முழங்கால் போட்டு ஜெபித்திருந்தான். ஆகவே கர்த்தர் கட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னான். அவ்வளவு பெரிய ஆள் விம்மி விம்மி அழுதான். "வானத்துல இருந்து பணம் வந்துச்சு" என்றான். இனிச் சேவல் சண்டை இல்லை என்று சொல்லி, தன் பேர்பெற்ற சேவலை, ஏழு சேவல்களைக் கிழித்த சேவலை, ஸ்தோத்திர காணிக்கையாகப் படைத்தான். காணிக்கைக்கு வந்த பூசணிக்காய், முட்டை, சேவல் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஏலம் விடுவது எங்கள் ஊர் வழக்கம். ஏலத்தில் எடுத்தவன் உடனே பணம் கொடுக்க வேண்டியதில்லை. உபதேசியார் எழுதிக்கொள்வார், சம்பளம் வந்ததும் கட்டலாம். சேவலை ஒருவரும் கேட்கவில்லை. அதன் காலைப் பார்த்தே பயந்தார்கள். 'நாலணா' என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அண்ணன் முகம் தொங்கிப்போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு ரூவா ரெண்டணா" என்றேன். சேவல் எனக்கு விழுந்தது.

தூக்கிக்கொண்டு வரும் வழியிலேயே என் முழங்கையைக் கிழித்தது.

தை பிறந்து தபால்காரன் காலேஜ் முத்திரை போட்ட உறை ஒன்று கொடுத்தான். தமிழில்தான் எழுதியிருந்தது. என் மகன் பேரில் வந்த தொகை தவறுதலாய் அதே பேருள்ள வேறொரு மாணவன் கணக்கில் வரவு வைக்கப்பட்டதாகவும், அதை மாற்றி எழுதுவதாகவும், இரண்டு தகப்பன்மாரும் நேரில் வந்து பார்த்துக்கொள்ளும்படியும் துரை கையெழுத்துப் போட்டிருந்தார். படித்ததும் மகன் கரையேறினான் என்ற நினைப்பு முதலில் வந்தது. இரண்டாவது நினைப்பு வருமுன் குடிசைக்குள் போய் வசூல் பெட்டியை அடுப்படிப் பக்கம் ஒளித்து வைத்தேன். அதே உறை ஒன்று ஏரலுக்கும் போயிருக்கும்.

போயிருந்தது. அன்று பொழுது சாயும் நேரத்தில் கருப்பட்டி வண்டிகள் இரண்டும் தடிக்கு முன்னால் நின்று நான் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது, அண்ணன் வண்டி சாலை மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது. இறங்கினான். கையில் தார்க்கம்பு. மாட்டைக் குத்துகிற ஆணி அதன் நுனியில் இருந்தது.

"ஏலே, துரைக்குக் கடுதாசி எழுதுனியாமே! எழுதப் படிக்கத் தெரிஞ்ச பெரிய மனுசா!"

"அண்ணே, நான் உன்னப் பத்தி ஒரு எழுத்துகூட எழுதலண்ணே. என் பிள்ளைக்கு வரவு..."

"சபைக்கு முன்னால நின்னு அழுதேம்லே நான்! பச்சப்பிள்ள மாதிரி அழுதேன்! இப்பம் நான் களவாணிப் பயலா? தம்பி மவன் பணத்தத் தின்னவனா?"

முதல் அடி தோளில் விழுந்தது. வண்டிக்காரர்களில் வயசான ஆள், "அண்ணாச்சி, வேண்டாம் வே, ரத்தம் வருது" என்று நெருங்கினார். அண்ணன் திரும்பாமலே முழங்கையால் அவர் மூக்கில் இடித்தான். அடுத்தவன் வண்டிக்கு அடியில் போய்விட்டான். இரண்டாவது அடி என் வாயில். சத்தம் எனக்குள் கேட்டது. காய்ந்த பனங்கொட்டையை உடைக்கிற சத்தம். பல் இரண்டும் நாக்கில் கிடந்தன; அவற்றைத் துப்பலாமா, சீட்டுப் புத்தகத்தில் ரத்தம் பட்டால் குத்தகைக்காரர் திட்டுவாரே என்று நின்றேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். கீழே விழுந்தேன். அவன் என் வலது கை மணிக்கட்டை மிதித்துக்கொண்டு, "எழுதுன கை இதுதான?" என்றான்.

சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்து வந்தது. யாரைக் காப்பாற்ற என்று சொல்ல முடியாது. ரத்தத்தைக் கண்டால் அது அப்படித்தான். பழைய எஜமான் தொடையில் இரண்டு நகத்தையும் பாய்ச்சியது. அண்ணன் அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, ஒரு திருகு திருகி, என் நெஞ்சின் மேல் எறிந்தான். "இந்தா, நீ ஏலத்துல எடுத்தது" என்றான். அது என் மேல் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டு கிடந்தது.

என் மணிக்கட்டின் மேல் இடது காலை வைத்தபடி அண்ணன் நின்ற இடம் தடியின் குட்டை நுனிக்கு நேர் கீழே. தலைக்கு மேல் கல் தொங்கியது. என் மனைவி அலறவில்லை, திட்டவில்லை. நேரே முளைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

"அத்தான்! அந்தப் பக்கமா நவுந்துக்கிடுங்க!" என்று அவிழ்த்த பிறகு அண்ணனிடம் சொன்னாள்.

கேட்டுத்தான் அவன் தலையை இழுத்தான். தலை தப்பியது. கல் வலது காலில் இறங்கியது. அப்படி ஒரு கூப்பாட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மாடுகள் மிரண்டு வண்டியோடு வாய்க்காலில் இறங்கின.

பிறகு எல்லோருமாகச் சேர்ந்து கல்லைத் தூக்கினோம். நான் இடது கையால் தூக்கினேன்.

அன்று இரவு அண்ணனைக் கொண்டுபோக இடமில்லை; எங்கள் குடிசையில்தான் கிடந்தான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் காலையில்தான் போக முடியும். அவன் காலுக்கும் என் கைக்கும் ஒரே வேட்டியைக் கிழித்துக் கட்டினாள் என் மனைவி. சேவலைக் குழம்பு வைத்தாள். எனக்குக் கஞ்சிதான், மெல்ல வாயில்லை. அண்ணன் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டான். "உப்பு கொறச்சல்" என்றான்.

"கொல்லுததுக்கு முன்னால சொல்லியிருந்தா உப்பு வாங்கி வெச்சிருப்பேன், அத்தான்" என்றாள் அவள்.

விடியுமுன் புறப்பட்டோம். வண்டிக்காரர் இருவரும் முன்னால் போக, வாய்க்காலிலிருந்து ஏற்றிய அண்ணன் வண்டியின் மாடுகள் அவர்கள் பின்னாலேயே நடந்தன. நான் முன்னால் மூக்கணையில் உட்கார்ந்து ஓட்டினேன், அவன் உள்ளே வைக்கோலில். இடதுபுறம் வயல்களுக்கு அப்பால் ஆறு கூடவே வந்தது. வழியெல்லாம் அவன் பேசியது எனக்கு நினைவிருக்கிறது.

"ரோடு நல்லா இருக்குலே. நான் குடுத்த ரெண்டணா ரெண்டணாவா இங்கனதான் கெடக்கு."

"குத்தகைக்காரருக்குப் போவுது, ரோட்டுக்கு இல்ல."

"அப்பம் நீ யாருக்குலே அடி வாங்குத?"

நான் மாடுகளை முடுக்கினேன். 

ஆஸ்பத்திரிக்கு முதலில் போவோம் என்றேன். அவன் கேட்கவில்லை. காலேஜ் ஆபீசுக்கு ஒற்றைக் காலில், என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். அடி வாங்கிய அதே தோள். பையன்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.  பெரியவன் தன் அப்பாவின் காலைப் பார்த்தான், சின்னவன் என் வாயைப் பார்த்தான், பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள்.

துரை பில்லை எடுத்து மேசையில் வைத்தார். என் மகனைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒத்துப் பார்த்தார். பெரியவனையும் போடச் சொன்னார். பிறகு புஸ்தகத் தமிழில் சொன்னார்: "பணம் இரண்டாம் இலக்கத்துக்கு உரியது. பிழை எங்கள் ஆபீசினுடையது. இன்றைக்கே மாற்றி எழுதப்படும். இந்தப் பையனுடைய சான்று போகும்."

 மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனால் ஒன்றாம் இலக்கத்தின் கணக்கில் இப்பொழுது நாற்பத்திரண்டு ரூபாய் பாக்கி நிற்கிறது. பிழை எங்களுடையதாகையால் பத்து நாள் தவணை தருகிறேன். அதற்குள் கட்டினால் அவன் சான்றும் போகும்."

 நல்ல மனசோடு கொடுத்த தவணை அது. பத்து நாளில் அண்ணன் ஒரு மாட்டை விற்றிருக்கலாம். நான் மடியை அவிழ்த்தேன். ஆபத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பதினொரு ரூபாய். இடது கையால் நீட்டினேன்.

"அண்ணே, இத முதல்ல கட்டு."

தட்டிவிட்டான். ரூபாய்கள் ஆபீஸ் முழுதும் உருண்டன. "ஒன் சுங்கக் காசு எனக்கு வேண்டாம்லே."

அதோடு போயிருக்கும். ரைட்டர் எழுந்து நின்று பேனாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணன் தம்பிச் சண்டைய வெளிய வெச்சுக்கிடும், வே. வானத்துல இருந்து பணம் வந்துச்சுன்னு சாட்சி சொன்னவரு நீருதான? இன்னொரு தடவ கேட்டுப் பாரும், வரும்."

அந்த ஆளுக்கும் எங்கள் சபைப் பக்கம்தான் சம்பந்தம். இது எல்லாம் அவர் காதுக்கு வந்திருக்கிறது.

மேசையில் கோடு போடுகிற உருட்டுக் கம்பு கிடந்தது. அண்ணன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே எடுத்தான். நெற்றியில் ஒன்று, அவர் கவிழ்ந்ததும் பிடரியில் ஒன்று. மசிக்கூடு சரிந்தது. கணக்குப் புத்தகத்தில் மசியும் ரத்தமும் சேர்ந்து ஓடிற்று. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது பெரியவன்தான் உள்ளே ஓடிவந்து அப்பாவின் கையில் தொங்கினான். அவனை உதறியதில் அவன் அலமாரிக் கண்ணாடியில் போய் விழுந்தான்.

துரையின் முகம் வெளுத்துப்போனது. கத்தவில்லை. "போலீசுக்குச் சொல்லப்போவதில்லை" என்றார். "தவணை இல்லை. இன்றைக்கு நாற்பத்திரண்டு ரூபாயும் கட்டினால் பையன் பரீட்சை எழுதலாம். இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவேன்."

இன்றைக்கு என்றால் எங்கே? நான் தரையில் குனிந்து ரூபாய்களைப் பொறுக்கினேன். என் மகனும் பொறுக்கினான். ஒன்பதுதான் அகப்பட்டது. ஒன்பதை வைத்துக்கொண்டு துரையைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். ரைட்டரைப் பெஞ்சில் படுக்க வைத்து விசிறிக்கொண்டே அடுத்த மேசை ஆள் பேனாவை எடுத்தார். முதலில் என் மகன் கணக்கில் வரவு எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக நான் காத்திருந்த வரி அது. அதற்குப் பிறகு ஒன்றாம் இலக்கத்தின் பக்கத்தைத் திருப்பி, நனைந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு, பேரின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். எங்கள் அப்பாவின் பேர். இரண்டு பக்கத்திலும் ஒரே பேர். ஒன்றில் வரவு, ஒன்றில் கோடு.

என் மகன் அந்த வருஷம் பரீட்சை எழுதித் தேறினான். அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அதற்கப்புறம் அவன் வண்டி எங்கள் சாவடி வழியாக வரவில்லை. சுற்றி மணல்பாதையில் போயிற்று. இரண்டணா மிச்சம், மாட்டுக்குத்தான் கேடு.

பெரியவன் தூத்துக்குடிக்குக் கிளம்புகிறதற்கு முன்னால் ஒருநாள் பாளையங்கோட்டைக்கு நடந்து போகிற வழியில் வந்தான். கொழும்பில் கடை வேலைக்குப் போகிறானாம். கண்ணாடி கிழித்த தழும்பு காதோரம் இருந்தது. தடிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"வாலே உள்ள."

"நேரமாவுது சித்தப்பா." கல்லைப் பார்த்தான். "சேவல் எங்க?"

"உங்க அப்பா கொன்னுட்டாரு."

"கொழம்பு வெச்சியளா?"

"வெச்சோம்."

"எவ்வளவுக்கு எடுத்தீங்க?"

சொன்னேன்.

"அதிகம்" என்றான். அவன் சிரிக்கும்போது எங்கள் அப்பா சாயல் அப்படியே இருந்தது. தடிக்குக் கீழே குனிந்து போய்விட்டான். நடந்து போகிறவனுக்குச் சுங்கம் கிடையாது.

கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது. கடைக்காரனுக்குக் கால் அணா வைத்துவிட்டுப் படுத்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். குத்தகைக்காரருக்கும், மளிகைக்காரருக்கும், வாய்க்கு மருந்து போட்ட வைத்தியருக்கும் எல்லாவற்றையும் கட்டிவிட்டேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் உபதேசியார் கோயிலில் காணிக்கை ஏலப் பாக்கிகளை எழுந்து நின்று வாசிப்பார். அவர் போய் அடுத்தவர் வந்தார், அவரும் வாசித்தார். ஆண்கள் வரிசையில் முன்னால் அண்ணன் கட்டை ஊன்றி உட்கார்ந்திருப்பான், திரும்ப மாட்டான். நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். மடியில் பணம் இருக்கும். கை போகாது. அந்தச் சேவலுக்குப் பணம் கட்டிவிட்டால், வானத்திலிருந்து பணம் வந்தது என்று அவன் சொன்னதை ஒப்புக்கொண்டு கட்டியதாகிவிடும். அது என் மகன் பணம்.

என் பேர், சேவல் ஒன்று, பாக்கி ரூபாய் ஒன்று, அணா இரண்டு.